சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டு நம்ப முடியாது

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் சிலவற்றைப் பகுப்பாய்வுத் தராசில் வைத்து, கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, திரையில் தெரியும் எண்ணைக் கவனித்துப் பாருங்கள். கடைசி இலக்கம் நிலைகொள்ளாது. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். தராசில் பழுதில்லை, காற்றோட்டமும் காரணமில்லை. வில்லைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. இன்னும் சற்று நேரம் விட்டுவைத்தால் அவற்றின் மேற்பரப்பு பளபளக்கும், ஓரங்கள் மழுங்கும், கடைசியில் தாம் இழுத்த நீரிலேயே தாமே கரைந்து நிற்கும்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். பெரும்பாலானோர் கல்லூரியிலிருந்து ஒரே கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 40.00. ஆகவே 4.0000 கிராம் எடுத்து அளவுக் குடுவையில் 1 லிட்டராக்கினால் 0.1000 மோலார் கரைசல் கிடைத்துவிடும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தராசில் கிடப்பது வெறும் சோடியம் ஹைட்ராக்சைடு அல்ல. புதிதாகத் திறந்த புட்டியிலேயே சில விழுக்காடு வேறு பொருள்கள் இருக்கும். பலமுறை திறந்து மூடிய புட்டியில் இன்னும் கூடுதலாக இருக்கும். எவ்வளவு என்பதைத் தராசால் சொல்ல முடியாது. தராசுக்கு நிறை மட்டுமே தெரியும், அந்த நிறை எதனுடையது என்பது தெரியாது.

உள்ளே நுழைவது இரண்டு பொருள்கள். ஒன்று நீர், மற்றொன்று கார்பன் டை ஆக்சைடு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் இந்த விஷயத்தில் நான் காணும் பெரிய குழப்பம். நீர் நுழைந்தால் நாம் நினைத்ததைவிடக் குறைவான காரம் கரைசலுக்குப் போகிறது, அவ்வளவுதான். கரைசல் சற்று நீர்த்திருக்கும், ஆனால் அதன் தன்மை மாறாது. பின்னால் ஒருமுறை சரியாகத் தரம் பார்த்தால், அதாவது அளவு தெரிந்த ஒரு பொருளோடு வினைபுரியவைத்து உண்மையான செறிவைக் கண்டால், அந்தக் குறை முழுவதும் தீர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. அது காரத்தோடு வினைபுரிந்து சோடியம் கார்பனேட்டாகிறது:

2NaOH + CO₂ → Na₂CO₃ + H₂O

இப்போது கரைசலில் இருப்பது ஒரு காரம் அல்ல, இரண்டு. இரண்டாவது காரம் அமிலத்தை இரண்டு படிகளில் ஏற்கும். எந்த நிறங்காட்டியைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் கரைசலின் செறிவே வேறு எண்ணாகத் தெரியும். ஆகவே நீரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், கார்பனேட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள் என்பதே என் நிலைப்பாடு. கீழே வரும் செய்முறை முழுவதும் அதிலிருந்து பிறப்பதுதான்.

முதலில் ஒன்றை விட்டுவிட வேண்டும். சரியாக 0.1000 மோலார் கரைசல் செய்ய வேண்டும் என்ற ஆசையை. சுமார் 0.1 மோலார் கரைசல் ஒன்றைச் செய்துவிட்டு, அது உண்மையில் எவ்வளவு என்பதை நான்கு இலக்கத் துல்லியத்தில் கண்டுபிடிப்பதே வழி. 0.0987 மோலார் என்று திட்டமாகத் தெரிந்த கரைசல், 0.1000 என்று நம்பிக்கொண்டிருக்கும் கரைசலைவிட எல்லா வகையிலும் மேல். இதை ஏற்றுக்கொண்டால் வேலையின் முதல் பாதியில் பகுப்பாய்வுத் தராசுக்கும் அளவுக் குடுவைக்கும் இடமே இல்லை. சாதாரணத் தராசும் அளவு உருளையும் போதும். மிச்சமாகும் கவனத்தையெல்லாம் இரண்டாம் பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வில்லைகளை நேரடியாகக் கரைப்பதைவிட, அடர்ந்த கரைசல் ஒன்றை முதலில் செய்து அதிலிருந்து நீர்க்கச் செய்வதையே நான் விரும்புகிறேன். இதில் ஒரு அழகான வேதியியல் உண்மை நமக்கு உதவுகிறது. நிறையில் பாதி சோடியம் ஹைட்ராக்சைடும் பாதி நீருமாக உள்ள கரைசலில் சோடியம் கார்பனேட் ஏறக்குறைய கரைவதே இல்லை. வில்லைகளின் மேல் ஏற்கெனவே படிந்திருந்த கார்பனேட் வெண்தூளாகப் பிரிந்து, நாளடைவில் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிந்த திரவம் கார்பனேட் அற்ற காரம். வடிகட்டியோ வேறு வேதிப்பொருளோ இல்லாமல், கரைசல் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது.

செய்வது எளிது, ஆனால் ஆபத்தானது. 50 மில்லிலிட்டர் நீரில் 50 கிராம் வில்லைகளைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரில்தான் வில்லைகள் விழ வேண்டும், வில்லைகளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. வெப்பம் பலமாக எழும், சில வேளை கொதித்துத் தெறிக்கும். ஆகவே பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் நிறுத்தி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. இவ்வளவு அடர்ந்த காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிடக் கொடுமையான சேதத்தைச் செய்யும், ஏனென்றால் அது திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். கலந்தபின் வெப்பம் தணிந்ததும் பாலிஎத்திலீன் புட்டியில் ஊற்றி இறுக மூடி, சில நாள் அசைக்காமல் வைத்துவிட வேண்டும். கண்ணாடிப் புட்டி கூடாது. அடர்ந்த காரம் கண்ணாடியிலுள்ள சிலிக்காவை அரித்து சிலிகேட்டாகக் கரைக்கும். கண்ணாடி மூடியாக இருந்தால் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது.

இந்த அடர்ந்த காரத்தின் செறிவு ஏறக்குறைய 19 மோலார். ஆகவே 1 லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்குச் சுமார் 5.3 மில்லிலிட்டர் போதும். பிளாஸ்டிக் பிப்பெட்டால், அடிவண்டலும் மேலே மிதக்கும் ஆடையும் வராதபடி, நடுவிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். திரவம் எண்ணெய் போலக் கனத்து ஓடும், பிப்பெட்டின் சுவரில் ஒட்டி நிற்கும். 5.3 என்பது உண்மையில் 5.2 ஆகப் போயிருக்கலாம். கவலையில்லை. நாம் தேடுவது சுமார் அளவை மட்டுமே.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சி வடித்த நீர் தூய்மையானதுதான், ஆனால் திறந்து வைத்த எந்த நீரிலும் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். காரத்தை அதில் ஊற்றிய கணமே அது கார்பனேட்டாகும். அடர்ந்த காரத்தில் அத்தனை பாடுபட்டு நீக்கிய பொருளை நீரின் வழியாகத் திரும்ப அழைத்துவிடுவது வீண் வேலை. ஆகவே நீரைப் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆறவிட்டுப் பயன்படுத்த வேண்டும். ஆறவிடும்போது திறந்து வைத்தால் கொதிக்கவைத்ததற்குப் பயனில்லை.

பாலிஎத்திலீன் புட்டியில் இந்த நீரை ஊற்றி, காரத்தைச் சேர்த்து, மூடி, நன்றாகக் குலுக்க வேண்டும். நன்றாக என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். அடர்ந்த காரம் நீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினால் கலந்துவிட்டதுபோலத் தோன்றும், ஆனால் கலந்திருக்காது. புட்டியை முழுமையாக நிரப்பாமல் சிறிது இடம் விட்டு, பல முறை கவிழ்த்து, சற்று ஓயவிட்டு, மறுபடியும் குலுக்கினால்தான் மேலும் கீழும் ஒரே செறிவு வரும். இங்கே காட்டும் அவசரம் பின்னால் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இனி இரண்டாம் பாதி. இந்தக் கரைசலின் உண்மையான செறிவைச் சொல்ல, எடையை நம்பக்கூடிய ஒரு திண்மம் வேண்டும். ஈரத்தை இழுக்காத, காற்றோடு வினைபுரியாத, மிகத் தூய நிலையில் கிடைக்கிற, மோலார் நிறை அதிகமுள்ள அமிலம். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் இந்த எல்லாத் தகுதிகளையும் கொண்டது. அதன் மோலார் நிறை 204.22. ஒரு மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனை மட்டும் தருகிறது, ஆகவே கணக்கில் ஒன்றுக்கு ஒன்று. ஆக்சாலிக் அமிலத்தையும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உள்ளன. உலர்ந்த காற்றில் அவை மெல்ல வெளியேறக்கூடும், அடுப்பில் வைத்து உலர்த்தவும் முடியாது. ஈரத்தால் ஏமாற்றும் ஒரு பொருளைச் சோதிக்க, ஈரத்தாலேயே ஏமாற்றக்கூடிய இன்னொரு பொருளை நாடுவது எனக்குச் சம்மதமில்லை.

தாலேட்டை மென்மையாகப் பொடித்து, 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, உலர்கலனில் வைத்து அறை வெப்பநிலைக்கு ஆறவிட வேண்டும். அதற்கு மேல் சூடாக்கினால் அது சிதைந்து தாலிக் அன்ஹைட்ரைடாக மாறத் தொடங்கும், ஆகவே கூடுதலாக உலர்த்துவது கூடுதல் நன்மையல்ல. சூடு ஆறாமலே எடைபோடுவதும் தவறு. சூடான பாத்திரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேலெழச் செய்து, எடையைக் குறைத்துக் காட்டும்.

எவ்வளவு எடுப்பது? இங்கே சற்று யோசித்தால் நல்லது. 50 மில்லிலிட்டர் பியூரெட்டில் ஒரு வாசிப்பை 0.02 மில்லிலிட்டருக்குள் படிக்கலாம். 25 மில்லிலிட்டர் செலவானால் அந்தப் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 5 மில்லிலிட்டர் மட்டுமே செலவானால் அதே பிழை ஐந்து மடங்காகத் தெரியும். ஆகவே சுமார் 25 மில்லிலிட்டர் செலவாகும்படி எடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 0.1 மோலாருக்கு 25 மில்லிலிட்டர் என்றால் 2.5 மில்லிமோல், அதாவது ஏறக்குறைய 0.51 கிராம். மிகச் சரியாக 0.5100 என்று நிறுத்துவதற்காகத் துகள் துகளாகச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சுமாராக எடுத்து, கிடைத்த எடையை நான்கு தசமத்தில் குறித்துக்கொண்டால் போதும். பகுப்பாய்வுத் தராசு தன் தகுதிக்கேற்ற வேலையைச் செய்வது இந்த இடத்தில்தான்.

எடையிட்ட தாலேட்டைக் கூம்புக் குடுவையில் போட்டு, கொதித்து ஆறிய நீர் 50 மில்லிலிட்டர் சேர்த்து, ஒரு துகளும் மிச்சமில்லாமல் கரைக்க வேண்டும். தாலேட் சற்றுச் சோம்பலாகத்தான் கரையும். கரையாத துகளொன்று அடியில் கிடந்தால், கரைந்த அமிலம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பு வந்துவிடும், முடிவுநிலை எட்டியதாக நினைத்து நிறுத்திவிடுவோம். செலவான காரம் குறைவாகத் தெரியும், கணக்கில் கரைசலின் செறிவு உயர்ந்துவிடும். நிறம் வந்தபின் குடுவையைக் கண்மட்டத்தில் தூக்கி அடியைப் பார்ப்பது நான் எப்போதும் விடாத வழக்கம்.

நிறங்காட்டி பினாப்தலீன். தாலேட் வலுக்குறைந்த அமிலம், ஆகவே அமிலம் முழுவதும் காரத்தோடு சரியாக வினைபுரிந்து தீரும் சமானநிலையில் கரைசல் நடுநிலையாக இருக்காது, சற்றுக் காரத்தன்மையுடன் பிஹெச் 9க்கு அருகில் நிற்கும். பினாப்தலீன் நிறம் மாறும் எல்லை 8.2க்கு மேல் தொடங்குவதால் அது இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. அமிலப் பக்கத்தில் நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சு இதற்கு உதவவே உதவாது.

பியூரெட்டை நீரால் கழுவியபின், நாம் செய்த காரக் கரைசலாலேயே இரண்டு மூன்று முறை அலசி ஊற்றிவிட வேண்டும். நிரப்பியபின் குழாய்த்திருகின் கீழே நுனியில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேகமாகத் திறந்து வெளியேற்ற வேண்டும். குமிழி தரம் பார்க்கும் நேரத்தில் வெளியேறினால், குடுவைக்குள் போகாத காரம் போனதாகக் கணக்கில் வரும்.

முடிவுநிலை எது என்பதில் பொறுமை வேண்டும். குடுவையைச் சுழற்றியபின் முப்பது நொடி நீடித்து நிற்கும் முதல் மங்கிய இளஞ்சிவப்பே முடிவுநிலை. அதன்பின் நிறம் வெளுத்தால் திரும்பவும் காரத்தைச் சொட்ட வேண்டாம். திறந்த குடுவை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது, நிறம் மறைவது இயல்பு. ஆழ்ந்த சிவப்பு வரும்வரை ஊற்றுகிறவர்கள் ஒரே சீராக ஊற்றினாலும் பிழைதான், ஏனென்றால் அந்தக் கூடுதல் துளிகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் வருவதில்லை.

இத்தோடு ஒரு வெற்றுச் சோதனையும் செய்ய வேண்டும். தாலேட் இல்லாமல், அதே 50 மில்லிலிட்டர் நீரையும் அதே அளவு நிறங்காட்டியையும் எடுத்து, அதே மங்கிய நிறம் வரும்வரை காரத்தைச் சேர்ப்பது. நிறத்தை வரவழைக்க மட்டும் எவ்வளவு காரம் போகிறது என்பது தெரியும். அதை எல்லா அளவுகளிலிருந்தும் கழித்துவிட வேண்டும்.

ஒரு கரைசலின் எண்களை முழுமையாகப் பார்ப்போம். வெற்றுச் சோதனைக்கு 0.04 மில்லிலிட்டர். முதல் குடுவையில் தாலேட் 0.5108 கிராம், செலவான காரம் 25.38 மில்லிலிட்டர். வெற்றுச் சோதனையைக் கழித்தால் 25.34. தாலேட்டின் நிறையை 204.22 ஆல் வகுத்தால் 2.5012 மில்லிமோல். அதை 25.34 ஆல் வகுத்தால் 0.09871 மோலார். இரண்டாம் குடுவையில் 0.5236 கிராம், கழித்தபின் 25.96 மில்லிலிட்டர், செறிவு 0.09876. மூன்றாவதில் 0.4987 கிராம், கழித்தபின் 24.75 மில்லிலிட்டர், செறிவு 0.09867. சராசரி 0.09871 மோலார். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடையிலான வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு. கையால் செய்யும் தரம் பார்த்தலில் இந்த ஒற்றுமை கிடைத்தால் முடிவை ஏற்றுக்கொள்ளலாம்.

எடைகள் மூன்றும் ஒன்றுபோல இல்லாதது நல்லது என்று நான் கருதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் செலவாகும் அளவு வேறாக இருப்பதால், முந்தைய வாசிப்பு நினைவிலிருந்து அடுத்த வாசிப்பைத் தன் பக்கம் இழுக்க முடியாது. 25.38 என்று ஒருமுறை பார்த்துவிட்டால் கண் அடுத்த முறையும் 25.38ஐத்தான் தேடும். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும்.

5.3 மில்லிலிட்டர் அடர்ந்த காரம் எடுத்ததற்குக் கணக்குப்படி சுமார் 0.101 மோலார் வந்திருக்க வேண்டும். கிடைத்தது 0.0987. இரண்டரை விழுக்காடு எங்கே போனது? வில்லைகள் முன்பே இழுத்திருந்த நீர், அடியில் தங்கிய கார்பனேட், பிப்பெட்டின் சுவரில் ஒட்டி நின்ற திரவம். மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. தாலேட் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்லிவிட்டது.

மூன்று எண்களும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது? சராசரி எடுத்துவிட்டுப் போகக் கூடாது. அவை எப்படி விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். எண்கள் மேலும் கீழுமாகச் சிதறினால் முடிவுநிலையைக் காணும் கண்ணிலோ வாசிப்பிலோ குறை இருக்கிறது. முதல் எண் மட்டும் தாழ்ந்து மற்றவை ஒத்திருந்தால், பியூரெட் சரியாக அலசப்படாமல் அதில் தங்கிய நீர் கரைசலை நீர்த்துவிட்டது அல்லது நுனியில் குமிழி இருந்தது. ஒவ்வொரு முறை புட்டியிலிருந்து பியூரெட்டை நிரப்பும்போதும் செறிவு ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் குலுக்கியது போதவில்லை. மேலே மெலிந்த கரைசலும் கீழே அடர்ந்த கரைசலுமாக நிற்கும் புட்டியிலிருந்து படிப்படியாக ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு, பழைய எண்களை அடித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்கள் அழகாக ஒத்துப்போவதே உண்மை என்று நினைத்துவிடவும் கூடாது. சரியாக உலர்த்தாத தாலேட்டைப் பயன்படுத்தினால் மூன்று எண்களும் கச்சிதமாக ஒத்துப்போய், மூன்றும் தவறாக இருக்கும். தாலேட்டில் அரை விழுக்காடு ஈரம் இருந்தால் அமிலம் அரை விழுக்காடு குறைவு. செலவாகும் காரமும் குறையும், கணக்கில் செறிவு அரை விழுக்காடு உயர்ந்து நிற்கும். மறுபடி மறுபடிச் செய்து பார்ப்பதால் இது வெளிப்படாது. வேறு வழியில் ஒருமுறை சரிபார்ப்பதுதான் மருந்து. தனியாகத் தரம் பார்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு காரத்தை வைத்துப் பார்த்து, இரண்டு எண்களும் பொருந்துகின்றனவா என்று காண்பது. அந்த அமிலத்தை உலர்த்திய சோடியம் கார்பனேட்டைக் கொண்டு தரம் பார்த்திருந்தால், இரண்டு திண்மங்களும் ஒன்றுக்கொன்று சாட்சியாகின்றன.

இதே ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னொரு கேள்விக்கும் விடை தருகிறது. கரைசலில் கார்பனேட் நுழைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு. 0.1000 மோலாராகத் தொடங்கிய ஒரு காரக் கரைசலில் நூற்றில் ஒரு பங்கு காரம் கார்பனேட்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 0.0010 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு தீர்ந்து, 0.0005 மோலார் சோடியம் கார்பனேட் உருவாகியிருக்கும். பினாப்தலீனை வைத்துப் பார்த்தால் கார்பனேட் ஒரு ஹைட்ரஜனை ஏற்று பைகார்பனேட்டானதும் நிறம் போய்விடும். ஆகவே தெரியும் செறிவு 0.0990 கூட்டல் 0.0005, அதாவது 0.0995. மெத்தில் ஆரஞ்சை வைத்துப் பார்த்தால் கார்பனேட் இரண்டு ஹைட்ரஜன்களையும் ஏற்கும்வரை நிறம் மாறாது. தெரியும் செறிவு 0.0990 கூட்டல் 0.0010, அதாவது பழைய 0.1000. ஒரே புட்டி, ஒரே நாள், அரை விழுக்காடு வேறுபடும் இரண்டு செறிவுகள். இரண்டும் அதனதன் வினைக்குச் சரிதான்.

சோதனையாகச் செய்யும்போது இது இப்படித் தெரியும். கரைசலில் 25.00 மில்லிலிட்டர் எடுத்து, சரியாக 0.1000 மோலார் அமிலத்தால் தரம் பார்த்தால், பினாப்தலீனின் நிறம் 24.88 மில்லிலிட்டர் அருகில் மறையும். அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சைச் சேர்த்துத் தொடர்ந்தால் 25.00 மில்லிலிட்டரில் நிறம் மாறும். இடையிலுள்ள சுமார் 0.12 மில்லிலிட்டர்தான் கார்பனேட்டின் அடையாளம். கார்பனேட் இல்லாத கரைசலில் இரண்டு முடிவுகளும் ஒரு துளி இடைவெளிக்குள் வந்து நிற்கும். எண் வேண்டாம், ஆம் அல்லது இல்லை என்ற விடை மட்டும் போதும் என்றால், சிறிது கரைசலை எடுத்துப் பேரியம் குளோரைடு கரைசலைச் சேர்த்துப் பாருங்கள். பேரியம் கார்பனேட் நீரில் கரையாது, ஆகவே வெண்கலங்கல் தோன்றினால் கார்பனேட் இருக்கிறது.

இதனால்தான் புட்டியில் ஒட்டும் சீட்டில் செறிவையும் தேதியையும் மட்டும் எழுதுவது போதாது என்கிறேன். எந்தத் திண்மத்தைக் கொண்டு, எந்த நிறங்காட்டியில், எந்த வெப்பநிலையில் தரம் பார்த்தது என்பதும் வேண்டும். வெப்பநிலை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அறை வெப்பநிலையை ஒட்டி நீர்க்கரைசல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. காலையில் தரம் பார்த்த கரைசலை நான்கு டிகிரி கூடிய பிற்பகலில் பயன்படுத்தினால் ஆயிரத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நாம் இத்தனை பாடுபட்டுச் சம்பாதித்த ஒற்றுமையும் அதே அளவுதான்.

சேமிப்பில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இறுக மூடும் பாலிஎத்திலீன் புட்டி, தேவைக்கு மட்டும் திறப்பது, பியூரெட்டில் ஊற்றிய மிச்சத்தைப் புட்டிக்குத் திருப்பி ஊற்றாமல் இருப்பது. பெரிய கொள்கலனிலிருந்து அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால், காற்று நுழையும் வாயில் சோடா சுண்ணாம்பு நிரப்பிய குழாயைப் பொருத்தினால் உள்ளே போகும் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிடிக்கப்படும். பாலிஎத்திலீனும் முழுக் காவல் அல்ல, அதன் சுவரின் வழியாகவே வாயு மெல்லக் கசியும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது, முக்கியமான அளவீட்டுக்கு முன்பு கட்டாயமாகவும், தாலேட்டை வைத்து மறுபடி தரம் பார்ப்பது நல்லது. வேலை முடிந்ததும் பியூரெட்டைக் காலிசெய்து கழுவிவிட வேண்டும். காரம் தங்கிய கண்ணாடிக் குழாய்த்திருகு மறுநாள் அசையாது.

மறுபடி பார்க்கும்போது 0.0987 ஆக இருந்தது 0.0982 என்று இறங்கியிருந்தால் என்ன பொருள்? மூடிய புட்டியிலிருந்து நீர் ஆவியாகியிருந்தால் செறிவு ஏறியிருக்கும், இறங்கியிருக்காது. இறங்கியது கார்பன் டை ஆக்சைடால்தான். பினாப்தலீனில் ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் நிகரமாக ஒரு ஹைட்ராக்சைடைக் குறைக்கிறது. ஆகவே புட்டியில் இப்போது சுமார் 0.0005 மோலார் கார்பனேட் இருக்கிறது. புதிய எண்ணை எழுதி ஒட்டிப் பயன்படுத்தலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. தாலேட்டைக் கொண்டு கண்ட எண் என்பதால் பினாப்தலீனில் பார்க்கும் வேறு வலுக்குறைந்த அமிலங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் முடிவுநிலை கூர்மை இழந்திருக்கும். கார்பனேட்டிலிருந்து வந்த பைகார்பனேட் சரியாக நிறம் மாறும் இடத்திலேயே பிஹெச்சைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், இளஞ்சிவப்பு வரும், மங்கும், மறுபடி வரும். எந்தத் துளியில் நிறுத்துவது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மெத்தில் ஆரஞ்சில் செய்யும் வேலைக்கோ அந்தப் புதிய எண் தவறு. நான் அப்படிப்பட்ட கரைசலை வைத்துக்கொள்வதில்லை. அடர்ந்த காரத்தின் புட்டி அலமாரியில் தெளிந்து நிற்கிறது. அதிலிருந்து இன்னொரு 5.3 மில்லிலிட்டர் எடுத்து, புதிதாகக் கொதித்து ஆறிய நீரில் சேர்த்து, குலுக்கி, மறுநாள் காலை மூன்று குடுவைகளில் தாலேட்டை எடைபோட்டுத் தொடங்கிவிடுகிறேன்.